ஒன்பது நாள் பிந்தி ஆறிய புண்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு 26 பெண்களின் கையில் வேண்டுமென்றே ஒரு சிறு புண்ணை உண்டாக்கியது. அகலம் மூன்றரை மில்லிமீட்டர்தான். அவர்களில் 13 பேர் மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள். மற்ற 13 பேர் அதே வயதினர், அந்தச் சுமை இல்லாதவர்கள். புண்ணை அவ்வப்போது படம் பிடித்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டும் பார்த்தார்கள். நுரை வராவிட்டால் ஆறிவிட்டது என்று கணக்கு.

சுமை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39 நாளில் ஆறியது. நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள் ஆனது. 1995இல் லான்செட் இதழில் வந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் பல் மருத்துவ மாணவர்களின் வாயில் செய்த சிறு காயமும் விடுமுறையைவிடப் பரீட்சைக் காலத்தில் மெதுவாகவே ஆறியது.

இதற்கு முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்படுவது கார்டிசால். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்கிறது. ஆபத்து என்றதும் அட்ரினலின் நொடிகளில் பாயும். கார்டிசால் சில நிமிடம் கழித்து வந்து, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். கூடவே, புண்ணுக்கு வெள்ளை அணுக்களை அழைக்கும் ரசாயனச் செய்திகளையும் அது அமுக்குகிறது. மூட்டுவாதத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பது இந்த அமுக்கும் குணத்துக்காகத்தான். அதை நீண்ட நாள் சாப்பிடுபவருக்குத் தொற்று எளிதில் வருவதும் அதனால்தான்.

அந்த மாத்திரை பிரஷரையும் ஏற்றும். கார்டிசால் அதிகமானால் ரத்தக் குழாய்கள் அட்ரினலினுக்குக் கூடுதலாக இறுகும். சிறுநீரகமும் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். ஒரு சண்டையில் ஏறிய பிரஷர் அரைமணியில் இறங்கிவிடலாம். மாதக்கணக்கில் டென்ஷன் நீடித்தால் தூக்கம் கெடும், சிகரெட்டும் நொறுக்குத்தீனியும் கூடும். பிரஷர் நிலைத்துப்போவதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. அதனால் கார்டிசாலை மட்டும் குற்றவாளிக்கூண்டில் ஏற்றுவது சரியல்ல. ரத்தத்தில் ஒருமுறை அதை அளந்து பார்ப்பதாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது: இயல்பாகவே காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும் ஹார்மோன் அது.

வயிற்றில் நடப்பதுதான் வேடிக்கை. மூளையிலிருந்து வரும் அதே அழுத்தச் செய்தி இரைப்பையின் வேகத்தைக் குறைத்து, பெருங்குடலை விரட்டுகிறது. சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்பதுபோல் ஒரு பக்கம். பரீட்சை மணி அடிக்கும்போது கழிப்பறைக்கு ஓட்டம் மறுபக்கம்.

ஆனால் அல்சரை டென்ஷன் தலையில் கட்டிவிட முடியாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே பெரும்பாலும் காரணம் என்று காட்டிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள் இன்னொரு பெரிய காரணம். மன அழுத்தம் இருக்கும் புண்ணை மோசமாக்கலாம். மலம் தார்போல் கறுத்துப் போனாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, "எல்லாம் டென்ஷன்தான்" என்று வீட்டிலிருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். எண்டோஸ்கோப்பி தேவையா என்பதை அவர் சொல்வார்.