நூறு அடி வேலியின் இன்னொரு பக்கம்

வீட்டுக்குப் பின்னால் செவ்வகமாக ஒரு காய்கறித் தோட்டம். நாலு பக்கமும் கம்பி வலை. வலை வாங்கிய ரசீதில் 100 அடி என்று இருக்கிறது. கட்டி முடித்தபோது மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. தெருவை ஒட்டிய பக்கத்தை டேப் பிடித்து அளந்தால் 30 அடி. உள்ளே போகும் இரண்டு பக்கங்களையும் அளக்க வழியில்லை. ஒன்றை ஒட்டிச் செங்கல் அடுக்கியிருக்கிறது, மற்றதில் முள் மண்டிக் கிடக்கிறது. ஆனால் தோட்டத்துக்கு மேலே நிழல்வலை கட்ட வேண்டும், அதற்கு நீளமும் அகலமும் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பி இதைக் கேட்கத்தான் வந்திருந்தார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டே, தான் போட்ட கணக்கையும் சொன்னார். "நூறுல முப்பது போனா எழுபது. இன்னொரு பக்கமும் ரெண்டு இருக்குல்ல, அதனால ரெண்டால வகுத்தேன். முப்பத்தஞ்சு அடி. சரிதானேக்கா?"

அவர் யோசித்ததில் பாதி மிகச் சரி. தெரியாத பக்கம் இரண்டு தடவை வருகிறது என்று பிடித்துவிட்டார். தெரிந்த பக்கமும் அப்படித்தான் இரண்டு தடவை வருகிறது என்பதுதான் விட்டுப்போனது. தாளில் ஒரு செவ்வகம் வரைந்து நாலு பக்கத்திலும் எழுதச் சொன்னேன். தெருப்பக்கம் 30, அதற்கு எதிரே பின்பக்கமும் 30. இரண்டு ஓரங்களிலும் கேள்விக்குறி. இப்போது 100 அடி எங்கெங்கே செலவானது என்று கண்ணுக்குத் தெரிகிறது. தெருப்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து 60 அடியை எடுத்துக்கொண்டன. மீதி 40. அதை இரண்டு ஓரங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன, ஆளுக்கு 20. தோட்டம் 30 அடிக்கு 20 அடி.

இதையே இன்னும் சுருக்கமாகப் போடலாம். எனக்குப் பிடித்த வழி இதுதான். தோட்டத்தின் ஒரு மூலையில் நின்று வேலியோரமாகவே நடந்து எதிர்மூலைக்குப் போங்கள். ஒரு நீளம், ஒரு அகலம் நடந்திருப்பீர்கள். இன்னொரு நீளமும் இன்னொரு அகலமும் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அதாவது எதிர்மூலைதான் சரிபாதி வழி. சுற்றளவில் பாதி என்பது எப்போதும் ஒரு நீளமும் ஒரு அகலமும் சேர்ந்தது. 100-இல் பாதி 50, அதில் தெரிந்த பக்கம் 30 போனால் 20. பள்ளிப் புத்தகத்தில் சுற்றளவு = 2 × (நீளம் + அகலம்) என்று இருப்பதும் இந்த நடைதான். அடைப்புக்குறிக்குள் இருப்பது பாதி வழி, வெளியே நிற்கும் 2 முழுச் சுற்று.

"அப்போ என் முப்பத்தஞ்சு தப்புன்னு நானே எப்படிக் கண்டுபிடிச்சிருப்பேன்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. விடை கிடைத்ததும் நாலு பக்கத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். 30, 35, 30, 35 கூட்டினால் 130 வருகிறது. வாங்கிய வலையே 100 அடிதான். இங்கே அதோடு நிறுத்தாமல், எவ்வளவு அதிகம் என்றும் பாருங்கள்: 30 அடி. கழிக்க மறந்த அந்த இரண்டாவது 30 அப்படியே வந்து நிற்கிறது. எந்தச் செவ்வகத்தை எடுத்தாலும், கூட்டிப் பார்க்கும்போது தெரிந்த பக்கத்தின் அளவே அதிகமாக வந்தால், அதை ஒரு தடவை மட்டும் கழித்துவிட்டுப் பாதியாக்கியிருக்கிறோம் என்று பொருள். சரியாக இரண்டு மடங்கு வந்தால் வேறு பிழை: 100-இல் 30 போக 70 என்று அங்கேயே நின்றுவிட்டோம். 30, 70, 30, 70 கூட்டினால் 200.

ஆனால் தம்பி போட்ட கணக்கே சரியாகிற இடமும் ஒன்று உண்டு. தோட்டத்தின் பின்பக்கம் வீட்டுச் சுவராக இருந்து, மற்ற மூன்று பக்கத்துக்கு மட்டும் வலை கட்டியிருந்தால், ரசீதில் 70 அடி என்று இருந்திருக்கும். அதில் தெருப்பக்கத்து 30 ஒரே தடவைதான் அடக்கம். 70-இல் 30 போக 40, பாதி 20. இங்கே இரண்டு தடவை கழித்தால்தான் தப்பு. ஆகவே கையில் இருக்கும் எண்ணுக்குள் எந்தெந்தப் பக்கம் எத்தனை தடவை இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கழிக்க ஆரம்பிக்க வேண்டும். கேட்டுக்காக 4 அடி இடைவெளி விட்டு 96 அடி வலை கட்டியிருந்தாலும் இதே கவனம் வேண்டும். முதலில் அந்த 4 அடியைச் சேர்த்து 100 ஆக்கிக்கொண்டு, பிறகு பாதியாக்க வேண்டும்.

அளவுகள் முழு எண்ணாக வராதபோது இன்னொரு சிக்கல். சுற்றளவு 100 அடி 6 அங்குலம், தெரிந்த பக்கம் 30 அடி 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பாதி 50 அடி 3 அங்குலம். 3 அங்குலத்தில் 9 போகாது. ஓர் அடியை 12 அங்குலமாக மாற்றினால் 49 அடி 15 அங்குலம். அதில் 30 அடி 9 அங்குலம் போக 19 அடி 6 அங்குலம். பலர் கால்குலேட்டரில் 30 அடி 9 அங்குலத்தை 30.9 என்றும், 100 அடி 6 அங்குலத்தை 100.6 என்றும் தட்டிவிடுகிறார்கள். விடை 19.4 என்று வரும். அதை 19 அடி 4 அங்குலம் என்று படித்தால் 2 அங்குலம் குறைந்துவிட்டது. 9 அங்குலம் என்பது முக்கால் அடி, 0.75. ஆறு அங்குலம் அரை அடி, 0.5. அப்படிப் போட்டால் 50.25-இல் 30.75 போக 19.5 அடி, அதாவது பத்தொன்பதரை.

சில நேரம் விடையே வராது. 100 அடிச் சுற்றளவுக்கு ஒரு பக்கம் 52 அடி என்று யாராவது சொன்னால் பாதி வழியான 50-ஐயே அது தாண்டிவிட்டது. இன்னொரு பக்கத்துக்கு இடமே இல்லை. டேப்பை மறுபடி பிடிக்க வேண்டும், அல்லது ரசீதை மறுபடி படிக்க வேண்டும். ஒரு பக்கம் சரியாக 25 என்றால் மற்றதும் 25, தோட்டம் சதுரம்.

கடைசியாக, இந்தக் கணக்கு நம்மைக் கேட்காமலே ஒன்றை நம்பிக்கொள்கிறது: மூலைகள் நாலும் நேராக இருக்கின்றன என்று. பக்கங்கள் 30, 20, 30, 20 ஆகவே இருந்து, தோட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் சுற்றளவு 100 அடிதான். எனவே நிழல்வலை வாங்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும், அதாவது மூலைக்கு எதிர்மூலை குறுக்காக, அளந்துவிடச் சொன்னேன். தோட்டத்துக்குள் குறுக்கே டேப்பை இழுக்கத் தடை எதுவும் இல்லை. இரண்டும் 36 அடியும் அரை அங்குலத்துக்குச் சற்று மேலுமாக வந்தால் செவ்வகம் சரி. ஒன்று 34, மற்றது 38 என்று வந்தால் பக்க அளவுகளில் தப்பில்லை, மூலைகள்தான் சாய்ந்திருக்கின்றன. 30-க்கு 20 என்று வெட்டிவரும் வலை இரண்டு மூலைகளில் எட்டாது.