ஆறு சுற்று எட்டானால்

கணினியில் ஓர் அழுத்த ஸ்பிரிங்கை முப்பரிமாணத்தில் உருவாக்குவது கடினமல்ல. சிறு வட்டம் ஒன்றை வரைந்து, அதைச் சுருள் பாதையில் மேல்நோக்கி இழுத்தால் கம்பி உருவாகிவிடும். சுற்றுகளைக் கூட்டிக் குறைக்கும்போதுதான் மாடல் உடைகிறது.

இலவச மென்பொருளான ஃப்ரீகேடில் ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். கம்பி 2 மி.மீ., கம்பியின் மையத்திலிருந்து மையத்துக்குச் சுருளின் விட்டம் 18 மி.மீ., அழுத்தாத நிலையில் உயரம் 50 மி.மீ. நடுவில் ஆறு சுற்றுகள் சுமையைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் சாயாமல் நிற்க, மேலும் கீழும் ஒவ்வொரு சுற்று நெருக்கமாகப் படுத்திருக்க வேண்டும். அந்தச் சுற்றுகளின் ஏற்றத்தைச் சரியாக 2 மி.மீ. என்று வைத்தால் கம்பிகள் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொள்ளும்; இத்தகைய தொடுதலில் மென்பொருள் தடுமாறும். 2.01 என்று வைப்பது பாதுகாப்பு.

ஆக, மூன்று சுருள்கள்: நெருக்கமான ஒன்று, அகன்ற ஆறு, மீண்டும் நெருக்கமான ஒன்று. இரு முனைகளிலும் பாதிக் கம்பியை வெட்டி எடுத்தால், பட்டறையில் சாணை பிடித்தது போன்ற தட்டையான அடி கிடைக்கும்.

இனி முக்கியமான முடிவு. சுற்றுகள் கூடும்போது எது மாறாமல் இருக்க வேண்டும்? சுற்றுக்குச் சுற்று உள்ள ஏற்றம், அதாவது பிட்ச், மாறாவிட்டால் ஸ்பிரிங் நீண்டு, அதற்கான இடத்தில் பொருந்தாமல் போகும். எனவே உயரத்தை நிறுத்தி, பிட்ச்சைக் கணக்கிட விடுவதே சரி. அளவுகளை விரிதாளில் எழுதி, `pitch` என்று பெயரிட்ட கட்டத்தில் இதை இட வேண்டும்:

```
=(freelen - 2*endpitch)/turns
```

நடுச்சுருளின் `Pitch`, `Turns` இரண்டையும் விரிதாளுடன் இணைத்துவிட்டால் போதும். ஆறு சுற்றுக்குப் பிட்ச் 7.66 மி.மீ.; எட்டு என்று மாற்றினால் 5.75. ஸ்பிரிங்கின் உயரம் அசையாது, ஆனால் குணம் மாறும்: எஃகுக் கம்பியில் ஒரு மி.மீ. அழுத்தத் தேவைப்படும் விசை சுமார் 4.5 நியூட்டனிலிருந்து 3.4 ஆக இறங்கும். சுற்று கூடினால் ஸ்பிரிங் இளகும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கம்பி நீளமாவதால், அதே முறுக்கு அதிகத் தூரத்துக்குப் பகிரப்படுகிறது.

இதற்கு எல்லையும் உண்டு. 22 சுற்று வரை பிட்ச் கம்பியின் தடிமனைவிடச் சற்றே அதிகம். 23 என்றால் அது 2 மி.மீ.க்குக் கீழே போய், கம்பிகள் ஒன்றையொன்று ஊடுருவும். மென்பொருள் சில வேளை மறுக்கும். சில வேளை பார்வைக்குச் சரியாகத் தோன்றும் பழுதான உருவைத் தரும். `Check Geometry` கட்டளையை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

அரைச் சுற்றில் இன்னொரு பொறி இருக்கிறது. 6.5 என்று இட்டால் நடுச்சுருள் எதிர்ப்பக்கத்தில் முடியும். மேல் சுருளின் வட்டமோ பழைய இடத்திலேயே நிற்கும், கம்பி அறுந்துபோகும். உயரம் மாறாததால் அந்த வட்டத்தை ஏற்றி இறக்க வேண்டியதில்லை. அதன் தளத்தை அச்சைச் சுற்றி, சுருள் செல்லும் திசையில், `Spreadsheet.turns * 360` பாகை திருப்பினால் இரண்டு முனைகளும் எந்த எண்ணுக்கும் சேர்ந்துகொள்ளும்.