ஒரே புகைப்படத்தில் எத்தனை பிளைவுட் பலகைகள்?

கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் பிளைவுட் பலகைகளின் எண்ணிக்கையை, அந்த அடுக்கின் ஒரு முனையை நேர் எதிரே நின்று எடுத்த புகைப்படம் ஒன்றிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். அடுக்கின் மொத்த உயரத்தைப் பலகை ஒன்றின் தடிமனால் வகுத்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பதே இதன் அடிப்படை. தொடக்கப் பள்ளிக் கணக்கைப் போலத் தோன்றும் இந்த வகுத்தலில் வகுபடும் எண்ணான உயரத்தைப் படத்திலிருந்து நுட்பமாகப் பெற முடியும்; தவறு பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான், அதாவது எல்லோரும் முன்கூட்டியே தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும் தடிமனில்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் உயரம். புகைப்படம் என்பது பிக்சல்கள் எனப்படும் நுண்ணிய படப்புள்ளிகளால் ஆனது என்பதால், அதில் எதை அளந்தாலும் விடை பிக்சல் கணக்கில்தான் கிடைக்கும். அதை மில்லிமீட்டராக மாற்ற, படத்துக்குள்ளேயே நீளம் தெரிந்த பொருள் ஒன்று இருக்க வேண்டும். எட்டுக்கு நான்கு என்று வழங்கும் பிளைவுட் பலகையின் அகலம் 1220 மி.மீ. என்பதால், அளவுகோல் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. முனைப்பக்கமாக எடுத்த படத்தில் பலகையின் அகலமே அளவுகோலாகிவிடுகிறது. ஒரு படத்தில் அந்த அகலம் 3050 பிக்சல்களில் அமைந்திருந்தால், ஒரு பிக்சல் 0.4 மி.மீ.க்குச் சமம். அதே படத்தில், அடிக்கட்டையின் மேல் விளிம்பிலிருந்து உச்சிப் பலகையின் மேல் விளிம்பு வரை 1911 பிக்சல்கள் இருந்தால், அடுக்கின் உயரம் 764 மி.மீ. ஆகிறது. அடிக்கட்டையையும் சேர்த்து அளந்துவிடுவது இங்கே அடிக்கடி நேரும் பிழை. பாரந்தூக்கி நுழைவதற்காகவோ ஈரம் ஏறாமலிருப்பதற்காகவோ வைக்கப்படும் அந்தக் கட்டைகள், தடிமனில் பல பலகைகளுக்கு ஈடாக இருக்கும்.

இனித் தடிமன். பலகையின் மீது 19 மி.மீ. என்று அச்சிட்டிருப்பதை நம்பி 764-ஐ 19-ஆல் வகுத்தால் 40.2 வருகிறது, அதை 40 என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் வரும் இரண்டு அளவுகளும் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல. பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கென 1989-இல் திருத்தி வெளியிடப்பட்ட இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 303, பலகையின் அகலம் குறிப்பிட்ட அளவை விட 3 மி.மீ. வரை கூடலாம், குறையக் கூடாது என்கிறது; இது கால் விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு. தடிமனுக்கோ, 6 மி.மீ.யும் அதற்கு மேலும் உள்ள பலகைகளில் 5 விழுக்காடு வரை கூடவோ குறையவோ அது இடம் கொடுக்கிறது. ஆகவே 19 மி.மீ. என்று விற்கப்படும் பலகை, தர நிர்ணயத்தைச் சிறிதும் மீறாமலேயே 18.05 மி.மீ. முதல் 19.95 மி.மீ. வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த இரு எல்லைகளாலும் 764-ஐ வகுத்துப் பார்த்தால், எண்ணிக்கை 38-இலிருந்து 42 வரை ஊசலாடுவது தெரியும்.

இதை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். எண்ணிக்கையில் ஒரு பலகைகூடத் தவறக் கூடாது என்றால், மொத்தப் பிழை அரைப் பலகைக்குள் அடங்க வேண்டும். 10 பலகைகள் உள்ள அடுக்கில் அரைப் பலகை என்பது 5 விழுக்காடு, 40 பலகைகள் உள்ள அடுக்கில் அது 1.25 விழுக்காடு மட்டுமே. எனவே அச்சிட்ட தடிமனை வைத்துக்கொண்டு எண்ணும் முறை ஏறத்தாழ 10 பலகைகள் வரைதான் நிச்சயமான விடையைத் தரும். அதற்கு மேல் வருவது மதிப்பீடே தவிர எண்ணிக்கை அல்ல.

பலகைக்குப் பலகை தடிமன் மாறினால், கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிசெய்துகொள்ளாதா என்ற கேள்வி இங்கே எழும். தற்செயலான வேறுபாடுகள் அப்படித்தான் சமனாகின்றன: ஒவ்வொரு பலகையும் சராசரியிலிருந்து சுமார் 0.2 மி.மீ. இங்குமங்கும் விலகினாலும், 40 பலகைகளின் கூட்டு உயரத்தில் அதனால் நேரும் மாற்றம் ஒன்றரை மி.மீ.யைக்கூட எட்டுவதில்லை. சமனாகாதது, ஒரே திசையில் செல்லும் விலகல். பிளைவுட் என்பது மரத்தைச் சீவி எடுத்த வெனீர் எனப்படும் மெல்லிய ஏடுகளைப் பசையிட்டு, சூட்டழுத்த இயந்திரத்தில் அழுத்தி, பின்னர் தேய்த்துச் சமப்படுத்திச் செய்யப்படுவது. ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் வெளிவரும் பலகைகள் ஒரே அழுத்தத்தையும் ஒரே தேய்ப்பளவையும் பெறுவதால், அவை குறைவாக இருந்தால் எல்லாமே சேர்ந்து குறைவாக இருக்கும். அடுக்கு உயர உயர அந்தக் குறை பெருகிக்கொண்டே போகும்.

இதற்கான தீர்வும் அதே படத்திலேயே இருக்கிறது. தடிமனை வெளியிலிருந்து கொண்டுவராமல், படத்தில் விளிம்புகள் தெளிவாகத் தெரியும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதில் 12 பலகைகளைக் கண்ணால் எண்ணி, அந்தப் பன்னிரண்டும் சேர்ந்து எத்தனை பிக்சல் உயரம் என்று அளக்க வேண்டும். மேற்சொன்ன படத்தில் அது 546 என்று வைத்துக்கொண்டால், பலகை ஒன்றுக்கு 45.5 பிக்சல், 1911-ஐ 45.5-ஆல் வகுத்தால் 42 வருகிறது. அச்சிட்ட தடிமன் இரண்டு பலகைகளை விழுங்கியிருந்தது இப்போது வெளிப்படுகிறது. பலகை ஒன்றின் பங்கு 18.2 மி.மீ. என்பதும், அது தர நிர்ணயத்தின் எல்லைக்குள்ளேயே இருப்பதும் உடன் தெரியவருகின்றன. இந்த 18.2-க்குள் பலகைகளுக்கு இடையேயுள்ள மெல்லிய காற்று இடைவெளியும் அடங்கியிருக்கிறது. அச்சிட்ட தடிமன் கணக்கிலேயே எடுக்காத அந்த இடைவெளி, இந்த முறையில் இயல்பாகவே உள்ளே வந்துவிடுகிறது. அகலத்தை வைத்து மில்லிமீட்டருக்கு மாற்றும் வேலையும் எண்ணிக்கைக்குத் தேவையற்றதாகி, சரிபார்ப்புக்கு மட்டும் பயன்படுகிறது.

மாதிரிக்கு ஏன் 12 என்றால், விளிம்பைக் குறிப்பதில் 2 பிக்சல் பிழை எப்போதும் நேரக்கூடியது; 546 பிக்சலில் அந்த இரண்டு 42 பலகைகளுக்கு 0.15 பலகை அளவே பிழை தரும். நான்கே பலகைகளை மாதிரியாக எடுத்தால் அதே இரண்டு பிக்சல் கிட்டத்தட்ட அரைப் பலகைப் பிழையாகிவிடும். விடையை எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்பதே அப்போது தெரியாமல் போகும்.

மாதிரியை எண்ணும்போது கண் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பலகையின் ஓரத்தை நெருங்கிப் பார்த்தால், அடுத்தடுத்த வெனீர் ஏடுகளின் மர இழை ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடுவதால், வெளிர் கோடும் அடர் கோடும் மாறி மாறித் தெரியும், 19 மி.மீ. பலகையில் இப்படி 9 அல்லது 11 ஏடுகள் இருப்பது வழக்கம். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் இந்தக் கோடுகளே பலகைகளின் எல்லைகளைப் போலத் தோன்றும். உண்மையான எல்லையில் மேற்பலகையின் அடிமுக ஏடும் கீழ்ப்பலகையின் மேல்முக ஏடும், அதாவது பெரும்பாலும் மற்றவற்றை விட மெல்லிய இரண்டு ஏடுகள், நடுவே ஒரு நிழற்கோட்டுடன் சந்திக்கின்றன. அந்த நிழற்கோடுதான் அடையாளம். கணினி நிரல் கொண்டு எண்ணுபவர்கள், செங்குத்தான ஒரு பட்டையில் வெளிச்சம் கூடிக் குறைவதை வரைபடமாக்கி, அந்த ஏற்ற இறக்கம் எத்தனை பிக்சலுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று தேடுவார்கள். பலகையின் திரும்பலோடு ஏடுகளின் திரும்பலும் அதில் கலந்து வருவதால், அகலத்திலிருந்து பெற்ற மில்லிமீட்டர் கணக்கு இங்கே கை கொடுக்கிறது: 4 மி.மீ.யில் வரும் திரும்பல் ஏட்டினுடையது, 18 மி.மீ.யை ஒட்டி வருவதே பலகையினுடையது. பட்டை குறுகலாக இருப்பது அவசியம். படம் ஒரு பாகை சாய்ந்திருந்தால்கூட 3050 பிக்சல் அகலத்தில் கோடு 53 பிக்சல் ஏறிவிடும், அது ஒரு பலகையின் தடிமனை விட அதிகம் என்பதால் முழு அகலத்துக்கும் சராசரி எடுத்தால் கோடுகளே அழிந்துபோகும்.

இவை எல்லாவற்றையும் விட அதிகக் கேடு செய்வது கேமராவின் சாய்வு. நின்றபடி கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து எடுத்த படத்தில், அடிப்பலகைகள் லென்ஸிலிருந்து தொலைவில் இருப்பதால் சிறிதாகப் பதிகின்றன. இதைக் கண்டுபிடிக்க உச்சிப் பலகையின் அகலத்தையும் அடிப்பலகையின் அகலத்தையும் பிக்சலில் அளந்து ஒப்பிட்டால் போதும். உச்சியில் 3050, அடியில் 2928 என்றால் அகலம் 4 விழுக்காடு சுருங்கியிருக்கிறது. சாய்ந்த தளத்தில் உயரத்தின் சுருக்கம் அகலத்தின் சுருக்கத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கும் என்பதால், அடிப்பலகையின் தடிமன் உச்சிப் பலகையின் தடிமனை விடச் சுமார் 8 விழுக்காடு குறைவாகப் பதிந்திருக்கும். இந்த நிலையில் மாதிரியை உச்சியில் மட்டும் எடுத்தால் 42 என்பது 41 ஆகிவிடும். உச்சியில் வளைந்த பலகைகளுக்கு இடையே காற்று தங்குவதும், அடியில் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தால் இடைவெளிகள் ஒடுங்குவதும் இதே திசையில் பிழையைக் கூட்டும். ஆகவே கேமரா அடுக்கின் நடு உயரத்தில், முனைக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். மாதிரியும் உச்சி, நடு, அடி என மூன்று இடங்களில் எடுக்கப்பட வேண்டும். மூன்றும் சீராகச் சிறுத்துக்கொண்டே போனால் காரணம் சாய்வு. ஒன்றில் மட்டும் பலகைக்கான அளவு 45 பிக்சலிலிருந்து திடீரென 40 பிக்சலுக்கு இறங்கினால், 16 மி.மீ. பலகைகள் இடையே கலந்திருக்கின்றன என்று பொருள், அந்த அடுக்கைப் பகுதி பகுதியாகத்தான் கணக்கிட வேண்டும்.

இத்தனை கவனத்தோடு செய்தாலும் 50 பலகைகளுக்கு மேற்பட்ட அடுக்கை ஒரே வகுத்தலில் முடிக்க முயல்வது சரியன்று. நடுவே சாக்பீஸால் ஒரு கோடு கிழித்து, இரு பாகங்களாக அளப்பதே நல்லது. விடை 42.02 என்று வந்தால் 42 என்று எழுதலாம், 41.5-ஐ ஒட்டி வந்தால் எதையும் எழுதாமல் வேறு படம் எடுக்க வேண்டும். முனையில் தெரியும் ஓரத்துக்குப் பின்னால் பலகை முழு எட்டடி நீளம் இருக்கிறதா என்பதை இந்தப் படம் சொல்லாது. ஆகவே இருப்புக் கணக்கு எடுப்பவர்கள் அடுக்கின் எதிர் முனையையும் அதே முறையில் படம் எடுத்துத் தனியாகக் கணக்கிட்டு, இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வேறுபட்டால் அந்த அடுக்கைக் கையால்தான் எண்ண வேண்டும்.