எடை 300 கிராம், கட்டணம் 3 கிலோவுக்கு

கூரியர் நிறுவனங்கள் ஒரு பார்சலுக்கு இரண்டு எடைகளைக் கணக்கிடுகின்றன. ஒன்று தராசு காட்டும் எடை. மற்றொன்று, பார்சல் அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றிச் சொல்லும் கனஅளவு எடை. விற்பனையாளர்கள் பேச்சில் ‘வால்யூமெட்ரிக் வெயிட்’. இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். பஞ்சுத் தலையணைகளை ஏற்றினால், வண்டி தன் எடை வரம்பை நெருங்கும் முன்பே நிறைந்துவிடும் என்பதுதான் இதற்குக் காரணம்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000-ஆல் வகுத்தால் கனஅளவு எடை கிலோவில் கிடைக்கும். இந்தியாவில் பரவலாகப் புழங்கும் வகு எண் 5000. சில சேவைகளில் இது மாறும். எண் சிறியதாக இருந்தால் கட்டணம் ஏறும் என்பதால், விலைப்பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பனையோலைக் கூடை விற்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெட்டியோடு சேர்த்துக் கூடையின் எடை 300 கிராம். கைக்குக் கிடைத்த 30 × 25 × 20 செ.மீ. அட்டைப் பெட்டியில் அதை வைக்கிறார். பெருக்கினால் 15,000, வகுத்தால் 3 கிலோ. ஒவ்வோர் அரைக் கிலோவுக்கும் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தராசை நம்பி 40 ரூபாய் ஒதுக்கியவருக்கு 240 ரூபாய் பில் வரும். அதே கூடை 25 × 20 × 15 செ.மீ. பெட்டியில் அடங்கினால் கனஅளவு எடை 1.5 கிலோ, கட்டணம் 120 ரூபாய். ஒரு கூடைக்குள் இன்னொன்றை அடுக்கி இரண்டாக விற்க முடிந்தால், அந்த 120 ரூபாய் இரண்டுக்கும் பகிர்ந்துகொள்ளப்படும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிறுவனம் அளப்பது பெட்டியின் வெளிப்புறத்தை; அதுவும் புடைத்த இடத்தில். மேற்சொன்ன சிறிய பெட்டி ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடினால், 26 × 21 × 16 என்ற கணக்கில் எடை 1.75 கிலோவை ஒட்டிவிடும். அரைக் கிலோ படிகளில் அது 2 கிலோவாக மேல்நோக்கி முழுமையாக்கப்படும். கட்டணம் 160 ரூபாய். உள்ளளவை மட்டும் பதிவு செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மையக் கிடங்கில் இயந்திரம் மறுபடி அளந்ததும், வித்தியாசத் தொகை சில நாள் கழித்து அவர்கள் கணக்கில் கழிக்கப்படும். மறுப்புத் தெரிவிக்கக் குறுகிய அவகாசமே கிடைக்கும். ஒட்டிய முகவரிச் சீட்டும் அளவு நாடாவும் ஒன்றாகத் தெரியும் படம், தராசில் வைத்த படம் இரண்டும் அனுப்பும் முன்பே எடுக்கப்பட்டிருந்தால்தான் அந்த வாதம் எடுபடும்.

பித்தளை விளக்கு விற்பவருக்கு இந்தக் கவலை குறைவு. 20 × 15 × 15 செ.மீ. பெட்டியில் 2 கிலோ விளக்கை அனுப்பினால் கனஅளவு எடை 0.9 கிலோதான், தராசின் கணக்கே செல்லும், பெட்டியைச் சுருக்கிப் பயனில்லை. ஐந்து லிட்டர் இடத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாக உள்ள சரக்குக்கே கனஅளவு எடை முந்தும். மடித்த சேலையைப் பெட்டி இல்லாமல் உறையில் இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் தப்பலாம். கூடையை அப்படி அழுத்த முடியாது. வாங்குபவர் திருப்பி அனுப்பினால், வந்த வழிக்கும் அதே கனஅளவு எடைக்குக் கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் அதற்கு விலை வைக்க வேண்டும்.