450 பேர் இல்லை... 450 இலை! சமையல் கான்ட்ராக்டருக்கு அனுப்ப வேண்டிய அந்த ஒரு மெசேஜ்

‘மொத்தம் 800 பேர், பார்த்துக்கோங்கண்ணா’ என்று போனில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற கல்யாண வீடுகள் அதிகம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சமையல்காரருக்குத் தேவை தலைக்கணக்கு அல்ல. எந்த வேளைக்கு எத்தனை இலை என்பதுதான். ரிசப்ஷனுக்கு வருகிற ஆபீஸ் நண்பர்கள் காலை டிபனுக்கு வர மாட்டார்கள். மண்டபத்தில் தங்குகிற சொந்தங்களோ மூன்று வேளையும் சாப்பிடுவார்கள்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு மண்டபம், சாப்பாட்டுக் கூடத்தில் 120 நாற்காலி என்று வைத்துக்கொள்வோம். இலை போட்டு, பரிமாறி, எடுத்துத் துடைக்க ஒரு பந்திக்கு முக்கால் மணி நேரம். ரிசப்ஷனுக்கு 450 இலை என்றால் நான்கு பந்தி. முதல் பந்தி எட்டு மணிக்கு ஆரம்பித்தால், கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது மணி 11. மேடவாக்கம் மெயின் ரோடு நெரிசலைத் தாண்டி வந்தவர்கள், குழந்தைகளோடு பசியில் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்!

அதனால் காய்கறி வாங்கப் போவதற்கு முன்பே, மூன்று நாள் இருக்கும்போது, இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பலாம்:

“வணக்கம் அண்ணா. ரிசப்ஷன் 450 இலை, டிபன் 200, மதியம் 250. போட்டோகிராபர், நாதஸ்வரக்காரர், டிரைவர் எல்லாரும் இதுலயே அடக்கம். ரிசப்ஷனுக்கு 30 இலை கூடுதலா தயாரா இருக்கட்டும். போட்டா மட்டும் கணக்கு. பந்தி 6.45, 7.30, 8.15, 9.00. காலைல காபி 5.30, டிபன் 7.00. முகூர்த்தம் 9 – 10.30. மதியச் சாப்பாடு 11.00. மெனு நாம பேசினதுதான், லிஸ்ட் கீழே இருக்கு. மதியம் இலைல முதல்ல ஸ்வீட், அப்புறம் பச்சடி, பொரியல், கூட்டு, அப்பளம். ஆள் உட்கார்ந்த பிறகுதான் சாதம், பருப்பு, நெய். அடுத்து சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம், மோர். இதுல ஏதாவது மாத்தணும்னா நான் மட்டும்தான் சொல்வேன்.”

அந்தக் கடைசி வரி முக்கியம். சித்தப்பா ஒரு பக்கம் வடையைக் கூட்ட, சம்பந்தி இன்னொரு பக்கம் பாயசத்தை மாற்றச் சொன்னால், யார் பேச்சைக் கேட்பது என்று சமையல்காரர் தவிப்பார்.

பதிலாக வெறும் கட்டைவிரல் வந்தால் நம்பிவிடக் கூடாது. “எண்ணிக்கையும் பந்தி நேரமும் நீங்களே ஒருதடவை எழுதி அனுப்புங்கண்ணா” என்று கேட்டால், 450ஐ 350 என்று அவர் குறித்திருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

கல்யாணத்தன்று பந்திக்குப் பந்தி இலையை எண்ண, வீட்டாளும் சமையல்காரரின் ஆளும் சேர்ந்து நிற்கட்டும். இரண்டாவது பந்தி முடியும்போதே 240 இலை ஆகி, வாசலில் இன்னும் கூட்டம் நின்றால், அந்த 30 இலைக்கு அடுப்பை அணைக்காமல் வைக்கச் சொல்ல அதுதான் நேரம். நான்காவது பந்தியில் சொன்னால் சாம்பார் வராது, வெந்நீர்தான் வரும்!