வெள்ளைக் கோப்பையும் அண்டங்காக்கையும்

டீயைக் குடித்துக்கொண்டே கையிலிருக்கும் வெள்ளைக் கோப்பையைக் கொஞ்சம் பாருங்கள். 'அண்டங்காக்கைகள் எல்லாம் கறுப்பு' என்று ஒருவர் சொல்கிறார். சரி, இருக்கலாம். அதற்கு இந்தக் கோப்பையும் ஒரு சாட்சி என்கிறார். இது நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அவர் வந்த வழியில் படிப்படியாக நாமும் நடந்தால், எந்தப் படியில் அவர் கால் இடறியது என்று காட்டுவது லேசில்லை.

முதல் படி எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஒரு பொது விதிக்கு, அதற்குப் பொருந்துகிற ஒவ்வொரு உதாரணமும் கொஞ்சம் பலம் சேர்க்கும். ஒரு கறுப்பு அண்டங்காக்கையைக் கண்டால் 'எல்லாம் கறுப்பு' என்ற விதி சற்றே வலுவாகிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் நிக்கோ இதை ஓர் அளவுகோலாகவே சொன்னார்.

இரண்டாவது படி, ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு வாக்கியங்களில் ஒன்றுக்குச் சாட்சியானது மற்றதற்கும் சாட்சிதான் என்பது. 'அண்டங்காக்கைகள் எல்லாம் கறுப்பு' என்பதைப் புரட்டி, 'கறுப்பாக இல்லாத எதுவும் அண்டங்காக்கை இல்லை' என்று சொல்லுங்கள். செய்தி மாறவில்லை. ஒன்று உண்மையானால் மற்றதும் உண்மை. ஒரு வெள்ளை அண்டங்காக்கை வந்தால் இரண்டும் சேர்ந்தே பொய்யாகும்.

இப்போது கோப்பைக்கு வருவோம். அது கறுப்பாக இல்லை, அண்டங்காக்கையும் இல்லை. ஆகவே புரட்டிப் போட்ட வாக்கியத்துக்கு அது கச்சிதமான உதாரணம். அப்படியானால் முதல் வாக்கியத்துக்கும் சாட்சிதானே?

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கார்ல் ஹெம்பெல், 1945ல் 'மைண்ட்' இதழில் இந்தச் சிக்கலை விரிவாக எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட பறவை ரேவன், நம் அண்டங்காக்கைக்கு நெருங்கிய சொந்தம். அவர் முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. கோப்பை சாட்சிதான், அது அபத்தமாகத் தோன்றுவது நம் மனம் செய்கிற ஒரு வேலையால்தான் என்றார். அதைக் காட்ட அவர் தந்த உதாரணம் எனக்குக் காக்கையைவிடப் பிடித்தது.

'சோடியம் உப்புகள் எல்லாம் தீயில் மஞ்சளாக எரியும்' என்பது விதி. சுத்தமான பனிக்கட்டித் துண்டு ஒன்றை நிறமில்லாத தீயில் பிடிக்கிறீர்கள். தீ மஞ்சளாகவில்லை. இதனால் சோடியத்தைப் பற்றி என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை, பனிக்கட்டியில் சோடியம் இல்லை என்பது முன்பே தெரியும். இப்போது வேறு மாதிரி செய்யுங்கள். இன்னதென்று தெரியாத ஒரு துண்டைத் தீயில் காட்டுகிறீர்கள். மஞ்சள் வரவில்லை. பிறகு அதைப் பரிசோதித்தால் சோடியம் இல்லை என்று தெரிகிறது. இந்த முறை விதி ஒரு சோதனையைத் தாண்டியிருக்கிறது. அந்தத் துண்டில் சோடியம் இருந்திருந்தால் விதி அங்கேயே உடைந்திருக்கும். இரண்டு தடவையும் தீயில் காட்டியது அதே பனிக்கட்டியாகவே இருக்கலாம். நாம் எதை முதலில் தெரிந்துகொண்டோம் என்பதுதான் வேறு.

ஒரு சாட்சி எவ்வளவு பலம் சேர்க்கிறது என்ற பேச்சு ஹெம்பெலின் கட்டுரைக்கு முன்பே தொடங்கிவிட்டது. போலந்துத் தர்க்க அறிஞர் யானினா ஹொசியாசொன் லிண்டன்பாம் 1940ல் இந்தப் புதிருக்கு நிகழ்தகவு வழியில் விடை தேடினார். அந்த வழியில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மொத்தம் 10,000 பொருட்கள் மட்டுமே உள்ள ஓர் உலகம். அதில் 100 அண்டங்காக்கைகள். மீதி 9,900 பொருட்களில் 900 கறுப்பு, 9,000 வேறு நிறம். காக்கைகளின் விஷயத்தில் இரண்டே சாத்தியங்கள் என்று வைத்துக்கொள்வோம்: நூறும் கறுப்பு, அல்லது அவற்றில் 10 வெள்ளை. எது உண்மை என்று தெரியாததால் இரண்டுக்கும் 50 சதவீதம் கொடுத்துத் தொடங்குகிறோம்.

காக்கைக் கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறோம். கறுப்பு. விதி சரியென்றால் அது நிச்சயம் கறுப்பாகத்தான் இருக்கும். தவறென்றால் அப்படி அமைய 90 சதவீத வாய்ப்பு. கணக்குப் போட்டால் விதியின் மீதான நம்பிக்கை 50லிருந்து 52.6 சதவீதமாக ஏறுகிறது. இதற்குப் பதிலாக, கறுப்பல்லாத பொருட்களின் குவியலில் கைவிட்டு ஒன்றை எடுத்து, அது காக்கையா என்று பார்ப்போம். இல்லை. விதி தவறென்றாலும் அந்தக் குவியலின் 9,010 பொருட்களில் 9,000 காக்கையாக இருக்காது. ஆகவே நம்பிக்கை 50லிருந்து 50.03 வரைதான் நகர்கிறது. பலம் சேர்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில்.

மூன்றாவதாக, காக்கை இல்லை என்று தெரிந்த ஒரு பொருளை எடுத்து அதன் நிறத்தைப் பார்க்கலாம். விதி சரியோ தவறோ, அது கறுப்பல்லாததாக இருக்கும் வாய்ப்பு 9,900ல் 9,000தான். நம்பிக்கை துளிகூட அசையாது. உங்கள் கையிலுள்ள கோப்பை இந்த மூன்றாவது வழியில் வந்தது. டீ ஊற்றும்போதே அது கோப்பை என்று தெரியும். அதனால் அதைக் கண்டு சிரித்தது நியாயம்தான். ஆனால் அந்தச் சிரிப்பை இரண்டாவது வழிக்கும் நீட்டினால் தப்பு.

இரண்டாவது வழி எப்போதும் இப்படிச் சோனியாகவே இருக்கும் என்பதும் இல்லை. காக்கையைத் தவிர வேறு நிறப் பொருட்கள் 9,000க்குப் பதில் 40 மட்டுமே என்று கணக்கை மாற்றுங்கள். விதி தவறென்றால் குவியலில் 50 பொருட்கள் இருக்கும், அவற்றில் 10 வெள்ளைக் காக்கைகள். ஒன்றை எடுத்து அது காக்கை இல்லை என்றால் நம்பிக்கை 55.6 சதவீதத்துக்குப் போகிறது. காக்கையையே பிடித்துப் பார்த்ததைவிட அதிகம்! கறுப்பல்லாதவை கணக்கில்லாமல் கிடக்கும் நம் உலகத்தில்தான் இந்த வழி உபயோகமற்றதாகத் தோன்றுகிறது.

ஆனால் எங்கே தேடுவது என்று தெரிந்தால் நம் உலகத்திலும் அது உதவும். 1854ல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் பிராட் ஸ்ட்ரீட் தெருக் குழாயின் தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்தார். அப்பகுதியில் காலரா கண்டவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்பது அவர் கருத்தின் சாரம். இதையும் புரட்டலாம்: அதைக் குடிக்காதவர்களுக்குக் காலரா வராது. ஆகவே குடிக்காமலும் நோயில்லாமலும் இருந்தவர்கள்தான் இங்கே நம் வெள்ளைக் கோப்பைகள்.

லண்டனுக்கு வெகுதூரத்தில் ஆரோக்கியமாக இருந்த ஒருவரும் அப்படிப்பட்டவர்தான், ஆனால் அவரால் பயனில்லை. நாற்றக் காற்றுதான் காலராவைப் பரப்புகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். அந்தக் கருத்தின்படியும் அவர் நலமாகத்தான் இருப்பார். ஸ்நோ குழாய்க்குப் பக்கத்திலேயே தேடினார். அதே தெருவில் இருந்த மது வடிப்பாலையில் எழுபதுக்கு மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். அவர்களுக்குத் தினமும் பீர் கிடைத்ததால் தெருக் குழாயை நாடவில்லை. ஒருவருக்கும் காலரா கடுமையாக வரவில்லை. அருகிலிருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர் இருந்தார்கள். அதற்குச் சொந்தக் கிணறு உண்டு. சுற்றியிருந்த தெருக்களின் சாவு விகிதம் அங்கேயும் இருந்திருந்தால் நூறு பேருக்கு மேல் இறந்திருப்பார்கள் என்று ஸ்நோவே கணக்கிட்டுச் சொன்னார். இறந்தவர்கள் 5 பேர். 'குடிக்காத யாருக்கும் வராது' என்று கறாராகச் சொல்ல அந்த ஐவரின் சாவு இடம் தரவில்லை. ஆனால் விடுதியில் இருந்தவர்களும் வடிப்பாலைத் தொழிலாளர்களும் சுவாசித்தது அந்தப் பகுதியின் காற்றைத்தான். காற்றுதான் காரணம் என்றவர்களிடம் அவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை.