கூட்டாளி விலகும்போது கணக்கு எங்கே இடறுகிறது?

கூட்டுத் தொழிலிலிருந்து ஒருவர் விலகினால், மிச்சமிருப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “போட்ட முதலைக் கொடுத்துட்டாப் போதாதா?” போதாது. அவர் இருந்த காலத்தில் கடைக்குச் சேர்ந்த மதிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு.

மூவர் நடத்தும் ஒரு ஹார்டுவேர் கடையை வைத்துப் பார்ப்போம். லாபத்தில் மூத்தவருக்கு 5 பங்கு, நடுவாமவருக்கு 3, இளையவருக்கு 2. மார்ச் 31-ல் கணக்கு முடித்ததும் நடுவாமவர் விலகுகிறார். அந்த ஆண்டு லாபமும் சேர்ந்து அவருடைய முதல் கணக்கில் 8 லட்சம் ரூபாய் நிற்கிறது.

பிரிக்காமல் ஒதுக்கி வைத்த பொதுக் காப்பு 2 லட்சம். அதில் அவருடைய 30 சதவீதம் 60,000 ரூபாய். அடுத்தது மறுமதிப்பீடு. ஏட்டில் 10 லட்சமாக நிற்கும் குடோன் இடம் இன்று 16 லட்சம் பெறும். விற்காத பழைய சரக்கையும் வராக் கடனையும் கழித்தால் 1 லட்சம் நட்டம். நிகர ஏற்றம் 5 லட்சம். அவர் பங்கு ஒன்றரை லட்சம்.

இனி குட்வில். வாடிக்கையாளர் இந்தக் கடையையே தேடி வருவதற்கான மதிப்பு அது. கூட்டாண்மை ஒப்பந்தத்தில் கணக்கிடும் முறை எழுதியிருந்தால் சண்டை இல்லை. இந்தக் கடை கடந்த மூன்று ஆண்டுகளில் 5, 6, 7 லட்சம் லாபம் ஈட்டியது. சராசரி 6 லட்சம். ஒப்பந்தப்படி இரண்டு ஆண்டு லாபத்தை குட்வில்லாகக் கொண்டால் 12 லட்சம். அவருடைய பங்கு 3.60 லட்சம்.

அந்த 3.60 லட்சத்தை யார் தாங்குவது? பலரும் தவறுவது இங்கேதான். மீதி இருவரும் இனி லாபத்தை 3:2 என்று பிரித்துக்கொள்ள முடிவு செய்கிறார்கள். உடனே குட்வில்லையும் 3:2 என்று பிரித்து, மூத்தவர் தலையில் 2.16 லட்சத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. மூத்தவரின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 60 ஆகிறது, ஏற்றம் 10. இளையவருடையது 20-லிருந்து 40, ஏற்றம் 20. ஆக, ஆதாய விகிதம் 1:2. மூத்தவர் கணக்கில் 1.20 லட்சமும் இளையவர் கணக்கில் 2.40 லட்சமும் பற்று எழுத வேண்டும். விலகுபவரின் பங்கு யாருக்குப் போகிறதோ அவர்தானே விலை கொடுக்க வேண்டும்? விகிதத்தை மாற்றிப் போட்டால் மூத்தவருக்கு 96,000 ரூபாய் நட்டம். தானே உருவான குட்வில்லைச் சொத்தாக ஏட்டில் ஏற்றக் கூடாது என்பதால்தான், எல்லாம் முதல் கணக்குகள் வழியாகவே முடிகிறது.

இப்போது கூட்டுவோம். 8 லட்சம், 60,000, ஒன்றரை லட்சம், 3.60 லட்சம்: மொத்தம் 13.70 லட்சம். ஆண்டுக்குள் அவர் சொந்தச் செலவுக்கு எடுத்த 20,000 ரூபாய் இன்னும் கழிக்கப்படவில்லை. கழித்தால் 13.50 லட்சம். கடையில் அவ்வளவு ரொக்கம் இராது. 3.50 லட்சத்தைக் கையில் கொடுத்து, மீதி 10 லட்சத்தை அவர் பெயரில் கடன் கணக்குக்கு மாற்றி, தவணையும் வட்டியும் எழுதிக்கொள்வதே வழக்கம். கணக்கைத் தீர்க்காமலே மற்றவர்கள் தொழிலை நடத்தினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அவருக்கு இரண்டு வழி தருகிறது: தன் பங்கைப் பயன்படுத்தி ஈட்டிய லாபத்தைக் கேட்கலாம்; அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. தேர்வு அவருடையது. இழுத்தடிப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

வரியையும் மறக்கக் கூடாது. 2021-ல் வந்த திருத்தத்தின்படி, விலகுபவர் தன் முதல் கணக்கைவிடக் கூடுதலாகப் பெறும் பணம் நிறுவனத்தின் மூலதன ஆதாயம். மறுமதிப்பீட்டாலும் தானே உருவான குட்வில்லாலும் முதல் கணக்கில் ஏறிய தொகையை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நம் கடையில் அது ஒன்றரை லட்சமும் 3.60 லட்சமும் சேர்ந்து 5.10 லட்சம். வரி கட்டுவது விலகியவர் அல்ல, நிறுவனம். ஆகவே பேரம் பேசும்போதே ஆடிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்ததும் விலகியவர் பொறுப்பு தீர்ந்ததாக நினைக்கிறார். பொது அறிவிப்பு தராதவரை, அவரைக் கூட்டாளி என்று அறிந்து கடையோடு வியாபாரம் செய்பவருக்கு அவர் பொறுப்பாளிதான். பதிவு பெற்ற நிறுவனமானால் பதிவாளருக்குத் தெரிவிப்பதோடு, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் புழங்கும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது அறிவிப்பு வர வேண்டும். வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்திருந்தால், வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.